காது சவ்வில் ஓட்டை: காத்திருக்கலாமா, தண்ணீர் படாமல் காத்தால் போதுமா, டிம்பனோபிளாஸ்டி அறுவையில் மூடிக்கொள்ள வேண்டுமா?

காது சவ்வில் ஓட்டை என்று டாக்டர் சொன்னதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, ஓட்டை எவ்வளவு பெரியது என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த ஓட்டைக்கு எத்தனை வயது என்பது. மூன்று வாரத்துக்கு முன் கன்னத்தில் விழுந்த அறையால் கிழிந்த சவ்வும், சின்ன வயதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் சீழ் வடியும் காதில் இருக்கும் ஓட்டையும் கருவியில் பார்க்க ஒரே அளவாகத் தெரியலாம். ஆனால் முதலாவது பெரும்பாலும் தானாக மூடிவிடும். இரண்டாவது எத்தனை வருடம் காத்திருந்தாலும் தானாக மூடுவது அரிது. இதற்குக் காரணம் ஓட்டையின் விளிம்பில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்த வழியை எடுப்பது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

விளிம்பில் என்ன நடக்கிறது

செவிப்பறை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரமும் 8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள சவ்வு. அந்தத் தடிமனுக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வெளியே காதுக்குழாயின் தோல் தொடர்ந்து வந்து மூடுகிறது, நடுவில் நார் அடுக்கு, உள்ளே நடுக்காதின் ஈரமான உள்தோல். வெளித்தோலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து மேலே வளர்ந்து உதிரும். செவிப்பறையில் அது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது இப்படித்தான்.

சவ்வு புதிதாகக் கிழிந்தால், இந்த நகரும் தோல்தான் முதலில் ஓட்டையின் குறுக்கே வளர்ந்து பாலம் போடுகிறது. நார் அடுக்கு பின்தங்கிவிடும், சில சமயம் முழுதாக வருவதே இல்லை. அதனால்தான் தானாக ஆறிய இடம் மெல்லியதாக, கண்ணாடி போலத் தெரியும். கேட்பதற்கு அது போதும். பின்னாளில் நடுக்காதில் காற்றழுத்தம் குறைந்தால் அந்த இடம் உள்ளே குழிவது மட்டும் ஒரு பலவீனம்.

பழைய ஓட்டையில் நடப்பது வேறு. வெளித்தோல் விளிம்பைச் சுற்றி உள்ளே திரும்பி, நடுக்காதின் உள்தோலைத் தொட்டு அதோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்துவிட்டால் காயம் ஆறிவிட்டதாகவே உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளும். மேற்கொண்டு வளர எந்தத் தூண்டுதலும் இருக்காது. காதுகுத்தின ஓட்டை தோடு இல்லாமலும் தூர்ந்துபோகாமல் நிற்பதும் இப்படித்தான், உள்ளும் புறமும் தோல் ஒட்டிவிடுவதால். அறுவை சிகிச்சை செய்பவர் முதல் வேலையாக விளிம்பைச் சுற்றிச் சுரண்டி எடுப்பது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆறிப்போன விளிம்பை மறுபடி காயமாக்கினால்தான் புதிய தோல் நகரும்.

முதல் மூன்று மாதம்: காத்திருப்பது ஒரு சிகிச்சை

கன்னத்தில் அறை, பந்து அடி, பட்டாசு வெடிச்சத்தம், பட்ஸோ ஹேர்பின்னோ போட்டுக் குடையும்போது யாராவது கையைத் தட்டிவிடுவது, தண்ணீரில் காது அடிபட விழுவது: இப்படி அடியால் வந்த ஓட்டைகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் தானாக மூடுகின்றன. சிறியவை மூன்று நான்கு வாரத்தில் மூடிவிடும், நடுத்தர அளவுள்ளவை ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். காதுத் தொற்றில் சீழ் அழுத்தி உடைந்த சவ்வும், தொற்று அடங்கியதும் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. அதனால் உலகெங்கும் இ.என்.டி. டாக்டர்கள் அறுவை பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததுதான் அதிகம். காது உலர்ந்திருந்தால் சொட்டு மருந்து வேண்டாம். மாத்திரையாக ஆன்டிபயாட்டிக்கும் வழக்கமாகத் தேவையில்லை. நல்லெண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் காதில் விடக்கூடாது. ஓட்டை வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போனால் அங்கிருந்து சுலபத்தில் வெளியே வராது. அது கிருமிகளையும் உள்ளே கொண்டுபோகும், விளிம்பில் படிந்து தோல் நகர்வதையும் கெடுக்கும். அழுக்கு எடுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ விடவே கூடாது. மூக்கை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினால் காற்று நடுக்காது வழியாக ஓட்டையில் கிளம்பி, புதிதாக வந்த மெல்லிய தோலைக் கிழிக்கும். ஒரு பக்க மூக்கைத் திறந்து விட்டு மெதுவாகச் சிந்துங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், அடக்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 32 வயதுப் பெண்ணுக்கு ஹேர்பின் பட்டு இடது காதில், சவ்வின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை. சவ்வின் பரப்பில் அது எட்டில் ஒரு பங்கு. கேள்திறனை அளக்கும் ஆடியோகிராமில் எண் கூடினால் காது குறைவாகக் கேட்கிறது என்று அர்த்தம். இவருக்குக் காற்று வழி, அதாவது காதுக்குழாய் வழியாகக் கேட்பது, 28 டெசிபல். எலும்பு வழி, அதாவது மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்க் கேட்பது, 10 டெசிபல். இடைவெளி 18 டெசிபல். இடம் நல்லது, அளவு பெரிதல்ல, உள்காது சேதம் இல்லை. நான்காவது வாரம் டாக்டர் பார்க்கும்போது ஓட்டை 1 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தால் பாதை சரி என்று அர்த்தம். எட்டாவது வாரம் மூடியிருக்கும். கடைசியாக ஒரு ஆடியோகிராம் எடுத்து இடைவெளி 10 டெசிபலுக்குள் வந்ததைப் பார்த்துக்கொண்டால் கதை முடிந்தது. அதே பெண்ணுக்கு மூன்றாவது வாரம் தலைக்குக் குளித்துத் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்தால், மூடிக்கொண்டிருந்த ஓட்டை மறுபடி பெரிதாகும், விளிம்பு வீங்கி வளர்ச்சி நிற்கும். காத்திருக்கும் காலத்தில் கெடுவதற்குப் பெரும்பாலான காரணம் இந்த ஈரம்தான்.

சில ஓட்டைகள் தானாக மூடும் வாய்ப்பு குறைவு: சவ்வின் பாதிக்கு மேல் போனவை, விளிம்பு உள்ளே சுருண்டு மடங்கியவை, வெல்டிங் பொறி விழுந்து எரிந்தவை. வெல்டிங் பொறியில் திசு வெந்து ரத்த ஓட்டம் போய்விடுகிறது. அதனால் அப்படி வந்த ஓட்டையைக் காத்திருப்புக் கணக்கில் போடாமல் முதலிலேயே அறுவை பற்றிப் பேசி வைப்பது நல்லது. மடங்கிய விளிம்பை அடிபட்ட சில நாட்களுக்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நிமிர்த்திவைக்க முடியும். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அடிபட்ட காதை முதல் வாரத்துக்குள் காட்டச் சொல்வதன் காரணங்களில் இது ஒன்று.

இன்னொரு காரணம், காத்திருக்கவே கூடாத காதுகளைப் பிரித்தெடுப்பது. இசைக்கவையை அதிரவைத்து நெற்றியில் வைத்தால், வெறும் சவ்வு கிழிந்தவருக்குச் சத்தம் கிழிந்த காதில் அதிகமாகக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் கேட்டால் உள்காதே பாதிக்கப்பட்டிருக்கலாம். வீட்டிலேயே வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தால் இதைத் தோராயமாகத் தெரிந்துகொள்ளலாம். முனகல் நல்ல காதில் கேட்டால், சுற்றிச் சுற்றித் தலை சுற்றினால், திடீரென்று காது பெரிதாகக் கேட்காமல் போனால், முகம் ஒரு பக்கம் கோணினால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீர் படாமல் காப்பது: செய்முறை

பலர் 'காதில் பஞ்சு வைத்துக் குளிக்கிறேன்' என்கிறார்கள். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். அது காப்பதைவிடக் கெடுப்பது அதிகம். பஞ்சில் வாஸ்லின் சேர்ந்தால்தான் அது மூடி.

சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய பஞ்சு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாஸ்லினில் நன்றாகப் பிசைந்து, வெளிப்புறம் முழுவதும் பளபளவென்று கொழுப்பு படிய வேண்டும். காதுக்குழாயின் வாயில் அதை அமர்த்துங்கள், குழாய்க்குள் தள்ளாதீர்கள். காதின் குழிவை நிரப்பி நிற்க வேண்டும். மேலே இன்னொரு விரல்நுனி வாஸ்லின் தடவி ஓரத்து இடுக்குகளை அடைத்துவிடுங்கள். குளித்து முடித்ததும் உடனே எடுத்து எறிந்துவிடுங்கள். பஞ்சை நாள் முழுக்க வைத்திருந்தால் காதுக்குள் வியர்வையும் ஈரமும் தேங்கி, வெளிக்காதிலேயே பூஞ்சை பிடிக்கும். எடுத்த பஞ்சின் உள்பக்க முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் அடைப்பு சரியாக வேலை செய்திருக்கிறது. நனைந்திருந்தால் அடுத்த தடவை உருண்டை இன்னும் சற்றுப் பெரிதாக வேண்டும்.

சாதாரணத் தண்ணீரைவிட ஷாம்பு, சீயக்காய், சோப்பு கலந்த தண்ணீர் ஆபத்தானது. சிறிய ஓட்டையில் வெறும் தண்ணீர் அதன் மேற்பரப்பு இழுவிசையால் பெரும்பாலும் தங்கி நிற்கும். சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுவதால், நுரைத்தண்ணீர் அதே ஓட்டையில் எளிதில் புகுந்துவிடும். அதனால் உடம்புக்குக் குளிப்பதையும் தலைக்குக் குளிப்பதையும் பிரித்துவிடுவது நல்லது. தலைக்கு ஊற்றும்போது நல்ல காதுப் பக்கம் தலையைச் சாய்த்தால் பழுதான காது மேலே இருக்கும், தண்ணீர் தேங்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு வேறொருவர் மக்கில் ஊற்றுவது எளிய வழி. தப்பித்தவறித் தண்ணீர் போய்விட்டால், பழுதான காதைக் கீழே சாய்த்துக் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள், வடிந்துவிடும். பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டலாம். பட்ஸ் போட்டு ஒற்றக் கூடாது.

கிணற்றில், குளத்தில், ஆற்றில் முங்குவது முற்றிலும் வேறு விஷயம். ஷவர் தண்ணீர் காதைத் தொட்டுவிட்டு வழிந்துவிடும். முங்கினால் தண்ணீரின் அழுத்தம் அதை உள்ளே தள்ளும். வாஸ்லின் பஞ்சு அதைத் தாங்காது, மெழுகு போன்ற சிலிகோன் அடைப்பானும் ஆழத்தில் முழுக் காப்பு இல்லை. சீழ் பிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் பாய்ந்தால் உள்காதின் சமநிலை உறுப்பு குளிர்ந்து தலை சுற்றும். தண்ணீருக்கடியில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்கக்கூடும். ஓட்டை இருக்கும்வரை முங்கு நீச்சல் வேண்டாம்.

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் சீழ் வரலாம். அப்போது கடைக்காரரிடம் 'காதுச் சொட்டு' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டையுள்ள காதில் உள்காதுக்குச் சேதம் செய்யக்கூடும். ஓட்டையுள்ள காதுக்கு டாக்டர்கள் பொதுவாக எழுதுவது சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஓஃப்ளாக்சசின் சொட்டு. பாட்டிலைக் கையில் ஐந்து நிமிடம் பொத்திவைத்துச் சூடேற்றிவிட்டு விட வேண்டும். குளிர்ச்சியாக விட்டால் தலை சுற்றும். விட்டதும் காதின் முன்னாலிருக்கும் சின்ன மடலை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். சொட்டு ஓட்டை வழியாக உள்ளே இறங்குவதற்கு அந்த அழுத்தம் வேண்டும். காதில் சீழ் அடைத்துக் கிடந்தால் எந்தச் சொட்டும் போய்ச் சேராது. டாக்டர் முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மூன்று மாதம் கடந்த பிறகு: காத்தே வாழ்வதா, மூடிக்கொள்வதா

இங்கேதான் உண்மையான தேர்வு வருகிறது. மூடாத உலர்ந்த ஓட்டையோடு பல வருடம் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை சிறியது, மற்ற காது நன்றாகக் கேட்கிறது, வருடத்துக்கு ஒரு தடவைகூடச் சீழ் வருவதில்லை, நீச்சல் ஆசையும் இல்லை என்றால், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வது முழுக்க நியாயமான முடிவு. அறுவை செய்யாததால் மட்டும் அவருக்குப் பெரிய கேடு வந்துவிடாது.

ஆனால் இந்த முடிவு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஓட்டை சவ்வின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், அதைச் சுற்றிலும் சவ்வின் ஓரம் மிச்சம் இருக்க வேண்டும். ஓட்டை சவ்வின் மேல் உச்சியிலோ, ஓரத்தைத் தொட்டோ இருந்தால், வெளித்தோல் நடுக்காதுக்குள் வளர்ந்து பை போலத் திரண்டு எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா இருக்கலாம். சீழ் கொஞ்சமாக, அழுகல் நாற்றத்தோடு விடாமல் வருவது அதன் அடையாளம். அதில் காத்துக்கொண்டே வாழ்வது என்ற தேர்வே இல்லை. சவ்வை மட்டும் மூடினாலும் போதாது, பெரும்பாலும் காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்ட் எலும்பையும் திறந்து நோயை எடுக்க வேண்டும்.

நடு ஓட்டை உள்ளவர் மூடிக்கொள்ள நல்ல காரணம் எப்போது கிடைக்கிறது? வருடத்தில் பல தடவை சீழ் வந்தால், வேலைக்கோ படிப்புக்கோ கேள்திறன் போதாமல் போனால், தண்ணீரைத் தவிர்க்க முடியாத வாழ்க்கை என்றால். மீனவர், நீச்சல் வீரர், வயலில் சேற்றுத் தண்ணீரில் நிற்பவர், தலைநனைந்தே வேலை செய்பவர் ஆகியோருக்கு வாஸ்லின் பஞ்சு வாழ்நாள் தீர்வாகாது. கேள்கருவி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஓட்டையுள்ள காதைக் கேள்கருவியின் காதுக்குள் வைக்கும் அச்சு அடைத்தால் உள்ளே புழுக்கம் ஏறிச் சீழ் அடிக்கடி வருவது உண்டு. அறுவை முடியாதவருக்கே அது பொருந்தும், அதிலும் காற்றோட்டத் துளை வைத்த அச்சு வேண்டும்.

இன்னொரு கணக்கு. 24 வயது ஓட்டுநர், வலது காதில் சிறுவயது முதல் 5 மில்லிமீட்டர் நடு ஓட்டை, சவ்வின் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மழைக்காலமும் சீழ். இப்போது இரண்டு மாதமாக உலர்ந்திருக்கிறது. காற்று வழி 42 டெசிபல், எலும்பு வழி 12, இடைவெளி 30. இந்த இடைவெளிதான் அறுவையால் மீட்கக்கூடிய அதிகபட்சம். எலும்பு வழிக் கோடு 12இல் இருப்பதால் உள்காது நலமாக இருக்கிறது. அதுவே 40இல் இருந்தால், சவ்வை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அந்த 40 டெசிபல் குறை அப்படியே இருக்கும். ஆடியோகிராம் தாளில் இரண்டு கோடுகளையும் காட்டி 'எனக்கு எவ்வளவு திரும்பும்' என்று டாக்டரைக் கேளுங்கள்.

இடைவெளி 40 டெசிபலைத் தாண்டினால் ஓட்டை மட்டும் காரணமாக இருக்காது. சவ்விலிருந்து உள்காதுக்கு அதிர்வைக் கடத்தும் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகளில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கலாம். ரத்த ஓட்டம் குறைந்த பட்டடையின் நீண்ட முனைதான் வழக்கமாக முதலில் அரிபடும். இதை அறுவைக்கு முன்பே சோதிக்க ஒரு பழைய, எளிய முறை இருக்கிறது. ஓட்டையின் மேல் மெல்லிய ஈரத் தாளோ ஜெல்ஃபோம் என்னும் கரையும் பஞ்சுத் துண்டோ ஒட்டிவைத்து மறுபடி ஆடியோகிராம் எடுக்கிறார்கள். கேள்திறன் கூடினால் எலும்புத்தொடர் நலம், சவ்வை மூடினால் போதும். கூடாமல் இருந்தாலோ குறைந்தாலோ, எலும்புத்தொடரில் கோளாறு இருக்கலாம். நம் ஓட்டுநருக்குத் தாள் ஒட்டியதும் 42இலிருந்து 24க்கு வந்தால், அறுவைக்குப் பின் கிடைக்கப்போகும் காதை அன்றைக்கே ஏறக்குறையக் கேட்டுவிட்டார்.

டிம்பனோபிளாஸ்டியில் சரிசெய்வது என்ன

ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் 1950களில் இந்த அறுவையை முறைப்படுத்தினார்கள். வுல்ஸ்டைன் வகுத்த ஐந்து வகைகளில் முதல் வகை, எலும்புத்தொடர் நலமாக இருக்க, சவ்வை மட்டும் மூடுவது. பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். எலும்பு அரிந்திருந்தால் அதையும் சேர்த்து அமைக்க வேண்டும். அப்போது கேள்திறன் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ஓட்டையை மூடும் ஒட்டுக்குப் பெரும்பாலும் எடுப்பது, காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறை. காதின் பின்மடிப்பை ஒட்டிக் கீறி, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அளவில் அந்த உறையை எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, விளக்கடியில் காகிதம் போல உலர்த்துகிறார்கள். உலர்ந்தால் மடங்காமல் கருவிக்கு அடங்கும். இதற்கிடையே ஓட்டையின் விளிம்பைச் சுற்றி ஆறிப்போன வளையத்தை நுண்ணிய ஊசியால் உரித்து எடுப்பார்கள். ஓட்டை சற்றுப் பெரிதாகத்தான் செய்யும், அது வேண்டியதே. காதுக்குழாயின் தோலை வெட்டிச் சவ்வோடு சேர்த்துத் தூக்கினால் நடுக்காது திறக்கும். சுத்தியை மெதுவாக அசைத்து அங்கவடி அசைகிறதா என்று பார்ப்பது இங்கேதான். பிறகு நடுக்காதில் கரையும் ஜெல்ஃபோம் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல், சவ்வின் உட்பக்கமாக ஒட்டை விரிக்கிறார்கள். தூக்கிய தோலைத் திரும்பப் படியவைத்து, வெளியேயும் ஜெல்ஃபோம் வைத்து மூடுகிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேர வேலை. பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டும் செய்யலாம்.

அந்த உறை அப்படியே சவ்வாகிவிடுவதில்லை. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது அது. விளிம்பிலிருந்து தோல் அதன் மேல் நகர்ந்து வந்து மூடுகிறது. தானாக ஆறிய சவ்வில் இல்லாமல் போன நடு அடுக்கை இந்த ஒட்டு தருகிறது. எண்டோஸ்கோப் வந்த பிறகு பல இடங்களில் பின்பக்கக் கீறல் இல்லாமல் காதுக்குழாய் வழியாகவே செய்கிறார்கள். ஒட்டைக் காதின் முன்மடலின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கலாம். குருத்தெலும்பு கனமானது, உள்ளே குழியாது. பெரிய ஓட்டை, ஒருமுறை தோற்ற காது, காற்றழுத்தம் சரியில்லாத நடுக்காது ஆகியவற்றுக்கு அது ஏற்றது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஓட்டைக்கு இத்தனையும் தேவையில்லை. விளிம்பை உரித்து, காது மடலின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்த சிறு கொழுப்புத் துண்டைச் செருகிவிட்டால் பெரும்பாலும் மூடிவிடும்.

அனுபவமுள்ள கையில், உலர்ந்த காதில், முதல் வகை அறுவை பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு மூடிவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இது வழக்கமாக நடக்கும் அறுவை. பணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அபாயங்களைச் சொல்லாமல் விடுவதும் சரியல்ல. சவ்வின் பின்புறமாகச் செல்லும் சுவை நரம்பு இழுபடுவதால் நாக்கின் ஒரு பக்கம் சில மாதம் உலோகச் சுவை இருக்கலாம். காது மடல் மரத்திருக்கும். உள்காது பாதித்துக் கேள்திறன் நிரந்தரமாகக் குறைவது நூற்றில் ஒருவர் அளவில், அரிதாக நடக்கும். அதனால்தான் ஒரே காதுதான் கேட்கிறது, அதில்தான் ஓட்டை என்பவருக்கு டாக்டர்கள் அவசரப்பட மாட்டார்கள். இரண்டு காதிலும் ஓட்டை இருந்தால் குறைவாகக் கேட்கும் காதையே முதலில் எடுப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு எது இயல்பு, எது தோல்வி

தலைக்கட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவிழும், தையல் ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். முதல் மூன்று நான்கு வாரம் அறுவைக்கு முன்பைவிடக் குறைவாகவே கேட்கும். நடுக்காதும் வெளிக்குழாயும் ஜெல்ஃபோமால் அடைந்திருப்பதே காரணம். இதைத் தெரியாதவர்கள் அறுவை தோற்றுவிட்டதென்று கலங்கிப்போகிறார்கள். படபடவென்ற சத்தம், கொப்பளிப்பது போன்ற உணர்வு, சிவப்பு நீர் கொஞ்சம் கசிவது எல்லாம் இயல்பு. பச்சை மஞ்சள் சீழ், காய்ச்சல், கடுமையான தலைசுற்றல், முகக் கோணல் இயல்பல்ல.

ஆறு முதல் எட்டு வாரம் காதுக்குள் ஒரு துளித் தண்ணீர் போகக் கூடாது. அதே வாஸ்லின் பஞ்சு இப்போது இன்னும் கறாராக வேண்டும். மூன்று வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. பின்பக்கக் கீறல் இருந்தால் தையல் ஆறும்வரை ஹெல்மெட் காது மடலை மடித்து அழுத்தும், அதனால் இரு சக்கர வாகனமும் வேண்டாம். விமானப் பயணத்தை டாக்டர் ஒட்டைப் பார்த்துச் சரி என்னும்வரை தள்ளிப்போடுங்கள். ஓட்டையோடு இருந்தபோது விமானத்தில் காது வலிக்காது, காற்று ஓட்டை வழியே போய்வந்துவிடும். மூடிய பிறகுதான் அழுத்தம் புதிய சவ்வைத் தள்ளும். கடைசி ஆடியோகிராம் மூன்றாம் மாதம் எடுக்கப்படும். அதற்கு முன் எடுத்த எண்ணை நம்பி முடிவுக்கு வர வேண்டாம்.

ஒட்டு தோற்பதற்குப் பெரும்பாலும் முதல் வாரங்களின் தொற்றுதான் காரணம். அடுத்தது, சவ்வின் முன்பக்க ஓரத்தில் ஒட்டு சரியாகப் படியாமல் இறங்கிவிடுவது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கண்ணுக்கும் எளிதில் எட்டாது. புகைபிடிப்பவர்களுக்கு ஒட்டு பிடிப்பது குறைவு. தீராத மூக்கு ஒவ்வாமையும், குழந்தைகளில் மூக்கின் பின்னால் பெருத்த அடினாய்டு சதையும் நடுக்காதின் காற்றழுத்தத்தைக் கெடுக்கும். டிம்பனோபிளாஸ்டி சவ்வைத்தான் சரிசெய்கிறது, மூக்கிலிருந்து நடுக்காதுக்குக் காற்று கொண்டுவரும் குழாயை அல்ல. மூக்கைக் கவனிக்காமல் காதை மட்டும் மூடினால் சில வருடத்தில் சவ்வு உள்ளே குழிந்து ஒட்டிக்கொள்ளவோ மறுபடி ஓட்டையாகவோ வாய்ப்புண்டு. குழந்தைகளுக்கு எட்டு வயதுவரை பொறுக்கச் சொல்லும் டாக்டர்கள் பலர் இருப்பதற்கும் இதுவே காரணம். அந்த வயதுக்குள் அந்தக் குழாய் முதிர்ந்து, அடிக்கடி சளி பிடிப்பதும் குறைந்துவிடும்.

தோற்றதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இரண்டாம் மாதத்திலும் சீழ் நிற்காமல் இருக்கும், அல்லது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதும்போது காதில் 'ஸ்ஸ்' என்று காற்று வெளியேறும் (இதை நீங்களாக ஊதிச் சோதிக்காதீர்கள், டாக்டர் முன்னிலையில் அவர் சொன்னால் மட்டும்). 1 மில்லிமீட்டர் மிச்ச ஓட்டையை வெளிநோயாளிப் பிரிவிலேயே விளிம்பில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் தொட்டுவைத்துச் சில தடவையில் மூடப் பார்க்கலாம். பெரிதாக இருந்தால் காது முழுதாக ஆறி உலர ஆறு மாதமாவது விட்டு, இரண்டாவது தடவை குருத்தெலும்பு வைத்து மூடுவதே வழக்கம். அதுவரை வாஸ்லின் பஞ்சு தொடரும்.